எந்த நாட்டு ரியால்? ஒரே பெயர், பத்து மடங்கு வித்தியாசம்

ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவருடைய சொத்தை வாரிசுகள் பிரிப்பதற்கு முன் அவருடைய கடனை அடைக்க வேண்டும். இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் மர்ஹூம் இருபது வருடம் சபுராளியாக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சில வருடம் மஸ்கட்டில், பிறகு ரியாத்தில். அவருடைய பழைய டைரியில் "நண்பரிடம் வாங்கியது ரி. 600" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இந்த அறுநூறு எந்த ரியால்?

ஓமான் ரியால் என்றால் அது இன்றைக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய கடன். சவூதி ரியால் என்றால் பதின்மூன்றாயிரம், பதினாலாயிரம் ரூபாய்தான். ஒரே சொல், ஒரே எண். ஆனால் கடன் கொடுத்தவருடைய ஹக்கும் வாரிசுகளுடைய ஹக்கும் அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு ரியால்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து நாட்டு ரியால்

சவூதி அரேபியா, கத்தார், ஓமான், யமன், ஈரான் ஆகிய ஐந்து நாடுகளிலும் பணத்தின் பெயர் ரியால்தான். (ஆங்கிலத்தில் சவூதிக்கும் கத்தாருக்கும் ஒரு எழுத்துக்கூட்டல், மற்ற மூன்றுக்கும் இன்னொன்று. அரபியில் எல்லாம் ஒன்றே. தமிழிலும் அப்படித்தான்.) இந்தப் பெயர் அரபு மண்ணில் பிறந்ததும் அல்ல, ஸ்பெயின் நாட்டின் 'ரியால்' என்ற வெள்ளி நாணயத்திலிருந்து வந்தது.

நம் குடும்பங்களோடு அதிகம் தொடர்புள்ளவை முதல் மூன்றும். இந்த மூன்றுமே அமெரிக்க டாலரோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.75 சவூதி ரியால், 3.64 கத்தார் ரியால். ஓமானில் கதை தலைகீழ்: ஒரு ரியாலுக்கு 2.6008 டாலர். ஆகவே ஒரு ஓமான் ரியால் ஏறத்தாழ 9.75 சவூதி ரியாலுக்குச் சமம். இந்திய ரூபாயின் மதிப்பு தினமும் ஏறி இறங்கினாலும் இந்த விகிதம் பல்லாண்டுகளாக அப்படியே இருப்பதால், 'ஓமான் என்றால் சுமார் பத்து மடங்கு' என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஓமான் ரியால் மட்டும் ஏன் இவ்வளவு பெரியது? சவூதி ரியால் ஒரு வெள்ளி நாணயமாகப் பிறந்தது. ஓமானிலோ, 1970-ல் ரியால் அறிமுகமானபோது அதை ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாக வைத்தார்கள். குவைத் தினாரும் 1961-ல் அப்படித்தான் பவுண்டுக்குச் சமமாகத் தொடங்கியது. இவ்வளவுதான் விஷயம். அந்த நாடு பணக்கார நாடு என்பதாலோ, அங்கே சம்பளம் பத்து மடங்கு என்பதாலோ அல்ல. அளவுகோல் பெரியது, அதனால் எண் சிறியதாகத் தெரிகிறது.

யமன், ஈரான் ரியால்கள் இதற்கு நேர் எதிர். ஈரானில் ஒரு டாலருக்கு லட்சக்கணக்கில் ரியால். அதனால் அங்கே மக்கள் பேசும்போது 'தோமான்' என்ற கணக்கில் பேசுவார்கள். ஒரு தோமான் பத்து ரியால். விலைச்சீட்டில் ஒன்று, கடைக்காரர் வாயில் இன்னொன்று. யமனில் இன்னும் சிக்கல். சனாவில் ரியாலுக்கு ஒரு மதிப்பு, ஏதனில் வேறு மதிப்பு.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

வங்கிச் சீட்டு, விமான டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். சவூதிக்கு SAR, கத்தாருக்கு QAR, ஓமானுக்கு OMR, யமனுக்கு YER, ஈரானுக்கு IRR. இது உலகம் முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு. பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும், மூன்றாவது எழுத்து பணத்தின் பெயரைக் குறிக்கும். இந்த மூன்று எழுத்து இருந்தால் வேறு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

கடைகளிலும் சம்பளச் சீட்டுகளிலும் இரண்டெழுத்துச் சுருக்கம்தான் அதிகம்: SR, QR, RO. அரபியில் ر.س என்றால் சவூதி, ر.ق என்றால் கத்தார், ر.ع என்றால் ஓமான். முதல் எழுத்து 'ரா' எல்லாவற்றுக்கும் பொது. இரண்டாவது எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்: 'ஸீன்' சவூதி, 'காஃப்' கத்தார், 'ஐன்' ஓமான் (உமான் என்ற பெயர் ஐனில் தொடங்குகிறது). குர்ஆன் ஓதத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு நொடியில் படித்துவிடுவார்கள்.

ஏமாற்றுவது ﷼ என்ற அடையாளம். கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் இந்த ஒற்றைக் குறி, 'ரியால்' என்ற சொல்லின் நான்கு அரபு எழுத்துகளையும் சேர்த்து எழுதியதுதான். அதில் நாட்டின் பெயர் கிடையாது. ஐந்து நாட்டுக்காரர்களும் அதைப் போடலாம், போடுகிறார்கள். "﷼ 950" என்று ஒரு விலையைப் பார்த்தால், அது எந்த நாட்டுப் பணம் என்பதற்கு அந்தக் குறி சாட்சி ஆகாது.

சவூதி அரேபியா இதற்கு ஒரு தீர்வு செய்தது. 2025 பிப்ரவரியில் மன்னர் சல்மான் ஒப்புதலோடு சவூதி ரியாலுக்கென்றே தனி அடையாளம் அறிவிக்கப்பட்டது. ரியால் என்ற சொல்லை அரபு எழுத்தணியில் வரைந்து, சாய்ந்த இரு கோடுகள் போட்டது போல இருக்கும். எண்ணுக்கு இடது பக்கம், சிறிது இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்பது அந்நாட்டு மத்திய வங்கியின் விதி. அடுத்த மாதமே அமீரகமும் தன் திர்ஹமுக்கு, D எழுத்தின் குறுக்கே இரு கோடு போட்ட தனி அடையாளத்தை வெளியிட்டது. ஆனால் இவை புதியவை என்பதால் பழைய கைபேசிகளில் அந்த எழுத்துரு இருக்காது. அடையாளத்துக்குப் பதிலாக ஒரு வெற்றுச் சதுரம் தெரியும். உம்ரா ஹோட்டல் கட்டணம் என்று யாராவது அனுப்பிய செய்தியில் "□ 420" என்று வந்தால், எது என்று ஊகிக்காமல் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.

புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்

டைரிக் கணக்குக்கு மிகவும் உதவுவது இதுதான். நம் ரூபாயில் நூறு காசு. சவூதி ரியாலில் நூறு ஹலாலா, கத்தார் ரியாலில் நூறு திர்ஹம். ஆகவே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்: 87.50.

ஓமான் ரியாலில் ஆயிரம் பைசா. குவைத் தினாரிலும் பஹ்ரைன் தினாரிலும் ஆயிரம் ஃபில்ஸ். ஆகவே அங்கே எழுதும்போது புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும்: 87.500. இது எண்பத்தேழரை ரியால். எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு அல்ல!

ஊரில் இருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். மகன் அனுப்பிய சம்பளச் சீட்டில் 165.000 என்று பார்த்துவிட்டு, ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் என்று படிப்பவர்கள் உண்டு. அது நூற்று அறுபத்தைந்து ரியால். ஆயிரத்தைப் பிரிக்கக் காற்புள்ளி, பைசாவைப் பிரிக்க முற்றுப்புள்ளி என்பதைக் கவனித்தால் போதும். (துபாயில் ஒரு திர்ஹமுக்கு நூறு ஃபில்ஸ்தான். குவைத்தில் ஒரு தினாருக்கு ஆயிரம். ஃபில்ஸ் என்ற பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது.)

சீட்டு முழுவதும் அரபு எண்களில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. நம் கண்ணுக்குப் பூஜ்யம் போலத் தெரியும் ٥ என்பது ஐந்து. பூஜ்யம் என்பது வெறும் புள்ளி: ٠. ஆகவே ٥٠ என்றால் ஐம்பது. ஆயிரத்தைப் பிரிக்கும் குறியும் பைசாவைப் பிரிக்கும் குறியும் அங்கே இரண்டும் காற்புள்ளி போலவே இருக்கும் என்பதால், கடைசியில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மொத்தத் தொகை நடைமுறைக்கு ஒத்து வருகிறதா என்று பாருங்கள்.

டைரிக்குத் திரும்புவோம்

அதே டைரியில் சில பக்கம் தள்ளி இப்படி இரண்டு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "தந்தது 87.500. பாக்கி 512.500." இப்போது விடை கிடைத்துவிட்டது. சவூதி ரியாலில் யாரும் மூன்று இலக்கம் எழுதமாட்டார்கள். அறுநூறில் எண்பத்தேழரை போக ஐந்நூற்றுப் பன்னிரண்டரை. கணக்கும் சரியாக இருக்கிறது. இது ஓமான் ரியால்.

இதை வேறு வழியிலும் உறுதிசெய்யலாம். அந்தப் பக்கத்தின் தேதியில் அவர் எங்கே இருந்தார் என்பதைக் கடவுச்சீட்டின் விசா முத்திரை சொல்லும். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பிய எக்ஸ்சேஞ்ச் ரசீது கிடைத்தால் அதில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். கடன் கொடுத்தவரோ அப்போது உடன் தங்கியிருந்தவரோ உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்கலாம். இரண்டு மூன்று அடையாளம் ஒரே பக்கம் சாய்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

பாக்கி 512.500 ஓமான் ரியாலை ரூபாயில் அடைக்க விரும்பினால் எவ்வளவு? கணக்குக்காக ஓமான் ரியால் 220 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,12,750 ரூபாய். அதே எண்ணை சவூதி ரியால் என்று தவறாக எடுத்திருந்தால், 22 ரூபாய் 55 காசு வீதம், வெறும் 11,557 ரூபாயோடு கணக்கை மூடியிருப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஒருவருடைய ஹக் வாரிசுகளின் பங்கில் கலந்திருக்கும், யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே.

எந்த நாள் மதிப்பு என்ற கேள்வியும் வரும். கடன் வாங்கிய வருடத்து ரூபாய் மதிப்பையா, இன்றைய மதிப்பையா? கடன் ரியாலில் வாங்கப்பட்டது. ஆகவே பொறுப்பில் இருப்பது ரியால். ரியாலாகவே கொடுத்தால் பிரச்சினையே இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ரூபாயில் கொடுப்பதென்றால், கொடுக்கும் நாளின் மதிப்பில் கொடுக்க வேண்டும். தீனாருக்கு ஒட்டகம் விற்றுவிட்டு திர்ஹமாக வாங்குவது பற்றி இப்னு உமர் (ரலி) கேட்டதும், அன்றைய மதிப்பில் வாங்குவதில் தவறில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும் அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வீட்டு விவகாரத்தின் விவரங்களை ஊர் ஆலிமிடம் சொல்லி முடிவு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவரிடம் போகும்முன் எந்த நாட்டு ரியால் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டியது நம் வேலை.

நம் இமாம்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரே ஊரில் பல ஊர்த் தீனார்களும் திர்ஹம்களும் புழங்கிய காலத்தில் எழுதியவர்கள் அவர்கள். விற்பவர் விலையை மட்டும் சொல்லி எந்த நாணயம் என்று சொல்லாவிட்டால், அந்த ஊரில் அதிகம் புழங்கும் நாணயமே கருதப்படும் என்று ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபு நூல்களிலும் இருக்கிறது. எதுவும் மிகைத்து நிற்காமல், வெவ்வேறு மதிப்புள்ள நாணயங்கள் சமமாகப் புழங்கினால், எது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த வியாபாரம் செல்லாது. இமாம் நவவீயின் மின்ஹாஜிலும் இந்தச் சட்டம் உண்டு. ஆனால் ரியாத்தில் இருப்பவரும் மஸ்கட்டில் இருப்பவரும் அதிராம்பட்டினத்தில் இருப்பவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் பேரம் பேசும்போது 'அந்த ஊர்' எது?

வேலை விளம்பரம்

சபருக்குப் புறப்படும் இளைஞர்களுக்கு இதே விஷயம் வேறு விதமாக வருகிறது. மூன்று விளம்பரம் வருகிறது: ஸ்டோர் கீப்பர், 1,400 ரியால்; ஸ்டோர் கீப்பர், 1,300 ரியால்; ஸ்டோர் கீப்பர், 140 ரியால். எந்த நாடு என்று இல்லை. மூன்றாவதைப் பார்த்து யாரும் சீண்டமாட்டார்கள். ஆனால் முதலாவது சவூதி, இரண்டாவது கத்தார், மூன்றாவது ஓமான் என்றால்? 1,400 சவூதி ரியால் 373 டாலர். 1,300 கத்தார் ரியால் 357 டாலர். 140 ஓமான் ரியால் 364 டாலர். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்.

இதை வைத்து ஒரு பொய்யும் சொல்லலாம். "ஓமானில் வேலை, சம்பளம் 1,400 ரியால்" என்று ஒரு ஏஜெண்ட் சொன்னால் அது 3,600 டாலருக்கு மேல். ஸ்டோரில் பெட்டி அடுக்கும் வேலைக்கு யாரும் அதைக் கொடுக்கமாட்டார்கள். ஒன்று நாடு தவறு, அல்லது எண் தவறு, அல்லது ஆள் தவறு. அதேபோல் "கத்தார், 180 ரியால்" என்பதும் நடக்காது. அங்கே 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளமே 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்குத் தனித் தொகையும் உண்டு. எண்ணின் அளவே நாட்டைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது: நூற்றுக்கணக்கில் என்றால் ஓமான், ஆயிரக்கணக்கில் என்றால் சவூதி அல்லது கத்தார்.

வாய்வார்த்தையில் என்ன சொன்னாலும், கையெழுத்துப் போடும் ஒப்பந்தத் தாளில் தொகைக்கு அருகில் SAR, QAR, OMR என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ரியால்' என்றிருந்தால் நாட்டின் பெயரைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனத்தை நாம் கடனுக்கு மட்டும் நினைக்கிறோம். எழுதியும் எது என்று தெரியவில்லை என்றால் எழுதியதன் பயன் பாதிதான்.

ரூபாயிலும் உண்டு

ரூபாய் என்ற பெயரும் நமக்கு மட்டும் சொந்தமல்ல. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரிஷியஸ், செஷல்ஸ் எல்லாவற்றிலும் ரூபாய்தான். Rs என்ற சுருக்கம் இவர்கள் எல்லோருக்கும் பொது. 2010-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ₹ மட்டும் நம்முடையது. அதைப் பார்த்தால் இந்திய ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழில் 'ரூ.' என்று எழுதினால் அது இந்தியாவா இலங்கையா என்று தெரியாது. இரண்டு நாட்டு முஸ்லிம்களும் படிக்கும் தமிழ்ப் பக்கங்களில் "சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு உதவி தேவை, ரூ. 25 லட்சம்" என்று ஒரு வேண்டுகோள் வந்தால் அது எந்த ரூ.? ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபாய் வரும் என்பதால், இதுவும் சிறிய வித்தியாசம் இல்லை.

மொழியே இங்கே துப்பு கொடுக்கும். இலங்கைச் சகோதரர்கள் 'ரூபாய்' என்று எழுதுவது குறைவு; 'ரூபா' என்பார்கள். சில்லறை 'சதம்'. தொகை பெரிதானால் 'மில்லியன்' வரும்; காற்புள்ளி 2,500,000 என்று விழும். நம் பக்கம் 25,00,000. தொகைக்குப் பின் கோடு போடுவதில்கூட வித்தியாசம் உண்டு: தமிழ்நாட்டில் 500/- என்று முடிப்போம், இலங்கையில் 500/= என்று முடிப்பார்கள்.

ஒரே பெயரில் இரண்டு பணம் என்ற குழப்பத்தை நம் ரிசர்வ் வங்கியே வேண்டுமென்று செய்த காலமும் உண்டு. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான், துபாய் பகுதிகளில் அப்போது புழங்கியது இந்திய ரூபாய்தான். அந்த ரூபாய் வழியாகத் தங்கக் கடத்தல் பெருகியதால், 1959-ல் வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். அதே காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கென்றும் பத்து ரூபாய், நூறு ரூபாயில் தனி நோட்டு வந்தது. மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம். ஆனால் இந்தியாவுக்குள் செல்லாது. எப்படி அடையாளம் காண்பது? எண் வரிசைக்கு முன் HA என்ற எழுத்து இருக்கும். ஹாஜியார் பாட்டனாரின் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், அதைப் பத்திரமாக வையுங்கள். இன்று சேகரிப்பாளர்களிடம் அதற்கு நல்ல விலை.

டாலர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங் எல்லாம் உள்நாட்டு விலைகளில் வெறும் $ தான் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும்போதுதான் S$, A$, US$ என்று முன்னெழுத்து சேரும். சிங்கப்பூர்க் கடையின் இணையப் பக்கத்தில் $ 80 என்றால் அது சிங்கப்பூர் டாலர். பணம் கட்டும் கடைசித் திரையில் SGD, USD என்ற மூன்றெழுத்து வரும் வரை அட்டை எண்ணைப் போடாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு புருனை. 1967 ஒப்பந்தப்படி புருனை டாலரும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று சமம், இரு நாட்டிலும் ஏற்றுக்கொள்வார்கள். அங்கே மட்டும் எந்த டாலர் என்று கேட்கத் தேவையில்லை.